பொங்கலுக்குத் துணி எடுத்தாகிவிட்டதா? ஸ்பேமில் சிக்காத ஒரு தலைப்பு வரியின் கதை

மார்கழி பாதி கழிந்ததும் சிறு வியாபாரிகள் வட்டத்தில் ஒரு பட்டியல் சுற்றத் தொடங்கும். மின்னஞ்சலில் எழுதக் கூடாத சொற்களின் பட்டியல் அது. "இலவசம்" என்று எழுதினால் ஸ்பேம், "தள்ளுபடி" என்றால் ஸ்பேம், சதவீதக் குறி போட்டால் ஸ்பேம். இதை நம்பிச் சிலர் "த.ள்.ளு.ப.டி" என்று நடுவில் புள்ளி வைத்து அனுப்புகிறார்கள். வேறு சிலர் விற்பனை என்பதையே மறைத்து, வெறும் வாழ்த்தைத் தலைப்பில் போட்டுவிடுகிறார்கள். இரண்டுமே காரியத்தைக் கெடுக்கின்றன. ஏன் என்று புரிய, வேண்டாத அஞ்சலைத் தடுக்கும் வடிகட்டி எப்படி வேலை செய்கிறது என்பது தெரிய வேண்டும்.

ஈரோட்டுப் பக்கம் கைத்தறித் துணி விற்கும் ஒரு சிறு கடைக்காக, 2026 பொங்கலுக்கு முன்பு நானும் கடை உரிமையாளரும் உட்கார்ந்து ஒரே ஒரு தலைப்பு வரியை எழுதினோம். அந்த வரியை வைத்தே இதைச் சொல்கிறேன். தலைப்பு வரி என்பது, மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன்பே அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்திலோ கீழேயோ தெரியும் அந்த ஒற்றை வரி.

## வாசலில் நிற்கும் காவலாளி

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் காவலாளி இருக்கிறார். ஒருவர் தாம்பூலத் தட்டும் கல்யாணப் பத்திரிகையுமாக வருகிறார். இன்னொருவர் கட்டுக்கட்டாக விளம்பர நோட்டீஸ் வைத்திருக்கிறார். காவலாளி அந்த நோட்டீஸை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டா முடிவு செய்கிறார்? முதலில் ஆளைப் பார்க்கிறார். யார், எங்கிருந்து வருகிறார், சொன்ன பெயர் உண்மைதானா என்று கேட்கிறார். போன முறை இவரை உள்ளே விட்டபோது எந்த வீட்டிலாவது சத்தம் போட்டார்களா என்று நினைத்துப் பார்க்கிறார். கையில் இருக்கும் தாளில் என்ன அச்சாகியிருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான்.

ஸ்பேம் வடிகட்டியும் ஏறக்குறைய இப்படித்தான். ஸ்பேம் என்றால் கேட்காமல் மொத்தமாக வந்து விழும் அஞ்சல். அதைத் தடுத்துத் தனிப் பெட்டியில் தள்ளும் நிரல்தான் வடிகட்டி.

சொற்பட்டியல் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்றால், அது ஒரு காலத்தில் பாதி உண்மையாக இருந்தது. பழைய வடிகட்டிகள் விதிகளை வைத்து மதிப்பெண் போட்டன. இன்றும் பல சேவையகங்களில் ஓடும் ஸ்பேம்அசாசின் என்ற நிரல் அப்படிப்பட்டது. சந்தேகம் தரும் ஒவ்வொரு குறிக்கும் கொஞ்சம் புள்ளி சேர்க்கும், நம்பிக்கை தரும் குறிகளுக்குக் குறைக்கும். கூட்டுத்தொகை 5-ஐத் தொட்டால் ஸ்பேம் என்று முத்திரை குத்திவிடும், யாரும் அமைப்பை மாற்றாதவரை. இங்கேகூட ஒரு சொல் தனியாக நின்று யாரையும் கவிழ்ப்பதில்லை. பல குறிகள் சேர்ந்தால்தான் 5 வரும்.

பிறகு வந்த வடிகட்டிகள் கற்றுக்கொள்பவை. எந்த மாதிரி அஞ்சலை மக்கள் திறக்கிறார்கள், எதை ஸ்பேம் என்று ஒதுக்குகிறார்கள் என்பதைப் பார்த்துத் தங்கள் கணிப்பைத் திருத்திக்கொள்கின்றன. துணிக்கடை அஞ்சல்களை ஆசையாகத் திறக்கும் ஒருவருடைய பெட்டியில் "தள்ளுபடி" என்பது வழக்கமாகப் பார்க்கும் சொல். ஆனால் "த.ள்.ளு.ப.டி" என்று புள்ளி வைத்து உடைத்த சொல்லை நேர்மையான கடை எதுவும் எழுதுவதில்லை. மறைக்க முயல்கிறவர்கள்தான் அப்படி எழுதுகிறார்கள். காவலாளியைப் பார்த்ததும் முகத்தை மூடிக்கொள்பவரைப் போன்றது அது.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். வடிகட்டி முதலில் அனுப்புகிறவரைப் பார்க்கிறது, சொல் அதற்குப் பிறகு வருகிறது.

## முதலில் அடையாள அட்டை

ஆகவே வரியை எழுத உட்காரும் முன் ஒரு சோதனை செய்தோம். கடையிலிருந்து என்னுடைய ஜிமெயில் முகவரிக்கு ஓர் அஞ்சலை அனுப்பச் சொன்னேன். வந்ததைக் கணினியில் திறந்து, மேலே மூன்று புள்ளிகளை அழுத்தி, `Show original` என்பதைத் தேர்ந்தெடுத்தால் அஞ்சலின் உள் விவரம் தெரியும். அதில் இந்த மூன்று வரிகளும் இப்படி இருக்க வேண்டும்:

```
SPF:   PASS
DKIM:  PASS
DMARC: PASS
```

எளிமையாகச் சொன்னால், முதலாவது, இந்தச் சேவையகம் உங்கள் பெயரில் அனுப்ப அனுமதி பெற்றதா என்று பார்க்கிறது. இரண்டாவது, அஞ்சலின் மேல் உள்ள கையெழுத்து போன்ற முத்திரை சரிதானா என்று பார்க்கிறது. மூன்றாவது, வாசகர் கண்ணில் படும் முகவரியும் இந்தச் சான்றுகளும் ஒரே ஆளைத்தான் சொல்கின்றனவா என்று ஒப்பிடுகிறது. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இந்த மூன்றையும் கூகுள் கட்டாயமாக்கியது. சிறு கடைக்கும் இவை இருப்பது நல்லது.

எங்கள் கடைக்கு மூன்றாவதில் `FAIL` வந்தது. காரணம் மிகச் சாதாரணமானது. மொத்தமாக அனுப்பித் தரும் ஒரு சேவையைப் பயன்படுத்திக்கொண்டு, அனுப்புநர் முகவரியில் `@gmail.com` என்று முடியும் சொந்த முகவரியைக் கொடுத்திருந்தார்கள். ஜிமெயில் பெயரைச் சொல்லிக்கொண்டு ஜிமெயில் அல்லாத வாசல் வழியாக வரும் அஞ்சல், ஜிமெயிலின் கண்ணுக்கு ஆள்மாறாட்டம்தான். கடைக்கென்று வாங்கி வைத்திருந்த இணைய முகவரிக்கு மாற்றி, சேவை நிறுவனம் கொடுத்த அடையாளப் பதிவுகளை அந்த முகவரியின் அமைப்பில் சேர்த்த பிறகு மூன்றும் `PASS` ஆயின. இதைச் சரிசெய்யாமல் தலைப்பு வரியில் என்ன கவிதை எழுதியிருந்தாலும் அதை யாரும் வாசித்திருக்கப் போவதில்லை.

## ஆறு பேர்

இப்போது தலைப்பு வரிக்கு வரலாம். அது வடிகட்டியை நேரடியாகத் தொடுவதைவிட, வாசகரின் விரல் வழியாகத் தொடுவதுதான் அதிகம்.

"ஸ்பேம்" என்ற பொத்தானை எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்பதற்குப் புகார் விகிதம் என்று பெயர். இது 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது, 0.1-க்குக் கீழே இருப்பது நல்லது என்பது கூகுள் சொல்லும் அளவு. கேட்க ஏதோ புள்ளிவிவரம் போல இருக்கும். எங்கள் கடையின் பட்டியலில் இருந்தவர்கள் 1,800 பேர். அவர்களில் 0.3 சதவீதம் என்றால் ஐந்தரைப் பேர் கூட இல்லை. ஆறு பேர் எரிச்சலில் அழுத்தினால் எல்லையைத் தாண்டிவிட்டோம். அந்த ஆறு பேரால், ஆசையோடு காத்திருக்கும் மற்றவர்களுக்கும் அடுத்த அஞ்சல் ஸ்பேம் பெட்டிக்குப் போகக்கூடும்.

அந்த ஆறு பேர் ஏன் அழுத்துகிறார்கள்? மூன்று காரணங்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். யார் அனுப்பியது என்று தெரியவில்லை. தலைப்பு சொன்னது ஒன்று, உள்ளே இருந்தது வேறு. விலகிக்கொள்ள வழி தேடினார்கள், கிடைக்கவில்லை. மூன்றாவதற்கு மருந்து எளிது. ஒரே சொடுக்கில் பட்டியலிலிருந்து விலகும் வசதியைப் பெரும்பாலான அனுப்பும் சேவைகள் தருகின்றன, அதை ஒளித்து வைக்காமல் இருந்தால் போதும். போகிறவர் கதவு வழியாகப் போகட்டும், கண்ணாடியை உடைத்துக்கொண்டு போக வேண்டாம். முதல் இரண்டும்தான் தலைப்பு வரியின் வேலை.

சுருக்கமாக, ஏமாற்றப்பட்டதாக உணரும் வாசகர் பொத்தானை அழுத்துகிறார், வடிகட்டி அவரிடமிருந்து கற்றுக்கொள்கிறது. வாசகருக்கு இதமாக இருக்கும் வரியும் வடிகட்டியைத் தாண்டும் வரியும் பெரும்பாலும் ஒரே வரியாக இருப்பது இதனால்தான்.

## மூன்று வரிகளைக் கிழித்துப் போட்டோம்

கடையில் முதலில் எழுதி வைத்திருந்தது இது:

"!!!மெகா பொங்கல் ஆஃபர்!!! 50% வரை தள்ளுபடி!!! இன்றே கடைசி!!!"

இதில் பன்னிரண்டு ஆச்சரியக்குறிகள் இருக்கின்றன. அவையும் சந்தேகக் குறிகள்தாம், ஆனால் அவற்றைவிடப் பெரிய சிக்கல் வேறு. விற்பனை எட்டு நாள் நடக்கப்போகிறது, "இன்றே கடைசி" என்பது பொய். 50 சதவீதம் என்பது மிஞ்சிப்போன இரண்டு வகைத் துண்டுகளுக்கு மட்டும், சேலைக்கும் வேட்டிக்கும் 15 சதவீதம்தான். இல்லாத அவசரத்தைக் காட்டி வாங்கத் தூண்டுவதை, 2023 நவம்பரில் இந்திய அரசின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடைசெய்யப்பட்ட உத்திகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கின்றன. ஸ்பேம் என்பதைத் தாண்டி, சட்டத்துக்கும் ஆகாத வரி அது.

இரண்டாவது யோசனை உரிமையாளருடையது. "அப்படியென்றால் விற்பனையைப் பற்றிப் பேசவே வேண்டாம், 'இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்' என்று மட்டும் போடுவோம், அன்பாக இருக்கும்" என்றார். பார்க்க அன்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வாழ்த்து என்று நம்பித் திறப்பவர் விலைப்பட்டியலைப் பார்க்கிறார். பண்டிகை விசாரிக்க வந்த உறவினர் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் காப்பீட்டுப் படிவத்தை எடுப்பதைப் போன்றது இது. தவிர, அந்த வாரம் வங்கியிலிருந்தும் தொலைபேசி நிறுவனத்திலிருந்தும் வரும் அஞ்சல்கள் எல்லாம் இதே சொற்களில்தான் தொடங்கும். "தை பிறந்தால் வழி பிறக்கும்" என்ற பழமொழிக்கும் இதே கதிதான். எல்லாரும் சொல்வதால் யாரும் சொன்னதாகத் தெரிவதில்லை.

மூன்றாவதாக, யாரோ சொல்லிக்கொடுத்த உத்தி ஒன்று வந்தது. தலைப்பின் முன்னால் `Re:` என்று சேர்த்தால் பழைய உரையாடலின் பதில் போலத் தோன்றி எல்லாரும் திறப்பார்களாம். திறப்பார்கள்தான். திறந்த கையோடு பொத்தானையும் அழுத்துவார்கள்.

வாடிக்கையாளரின் பெயரைத் தலைப்பில் சேர்ப்பது பற்றியும் பேசினோம். ஆங்கிலப் பெயர்களுக்காக உருவான மென்பொருள்கள் பெயரில் உள்ள முதல் சொல்லை அழைக்கும் பெயர் என்று எடுத்துக்கொள்கின்றன. நமக்கோ முதலில் நிற்பது தகப்பனார் பெயரின் தலைப்பெழுத்து. எஸ். கமலா என்று பதிந்திருந்தால் "வணக்கம் எஸ்!" என்று போய்ச் சேரும். பட்டியலைத் திறந்து பார்த்தோம், பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தது. அந்த யோசனையை அப்போதே விட்டுவிட்டோம்.

## பண்டிகைக்கு முன் யாரும் கேட்கும் கேள்வி

தேங்கி நின்றபோது உரிமையாளரிடம் வேறு ஒன்று கேட்டேன். மார்கழிக் கடைசியில் பழைய வாடிக்கையாளர் தொலைபேசியில் பேசினால், உங்கள் அம்மா முதலில் என்ன கேட்பார்? அவர் யோசிக்கவே இல்லை. "பொங்கலுக்குத் துணி எடுத்தாகிவிட்டதா என்றுதான் கேட்பார்."

அதுதான் வரி. பண்டிகைக்கு முன் அத்தை கேட்பாள், பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார், பஸ்ஸில் அறிமுகமானவர்கூடக் கேட்பார். பண்டிகை, பொருள், அக்கறை மூன்றும் அந்தக் கேள்விக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. நாங்கள் சேர்த்தது, இது விற்பனை என்று ஒளிக்காமல் சொல்லும் ஒரு சிறு துண்டு மட்டும்:

"பொங்கலுக்குத் துணி எடுத்தாகிவிட்டதா? 15% தள்ளுபடி"

சதவீதமும் இருக்கிறது, தள்ளுபடியும் இருக்கிறது. இரண்டும் உண்மை என்பதால் அவை இருப்பது நல்லதே. உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்துதான் வாசகர் திறக்கிறார்.

கைப்பேசித் திரையில் தலைப்பு முழுவதும் தெரியாது. தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் ஆங்கிலத்தைவிடச் சீக்கிரமே வெட்டுப்படும். நான் வைத்துக்கொள்ளும் கணக்கு முதல் மூன்று சொற்கள். அவை மட்டும் தெரிந்தாலும் விஷயம் விளங்க வேண்டும். "பொங்கலுக்குத் துணி எடுத்தாகிவிட்டதா" என்பதோடு வெட்டுப்பட்டாலும் நட்டமில்லை. "இனிய தமிழர் திருநாள்" என்று தொடங்கியிருந்தால் துணி என்ற சொல் வருவதற்குள் திரை முடிந்திருக்கும்.

வெட்டுப்பட்டதைத் தாங்கிப் பிடிக்க இன்னோர் இடம் உண்டு. தலைப்புக்குப் பிறகு மங்கலாகத் தெரியும் வரிக்கு முன்னோட்ட வரி என்று பெயர். நாம் எதையும் எழுதாவிட்டால், அஞ்சலின் உள்ளே முதலில் இருப்பதை அது எடுத்துக்கொள்ளும். அது பெரும்பாலும் "படம் தெரியவில்லையா? இங்கே அழுத்தவும்" என்பது போன்ற ஒன்றாக இருந்து தொலைக்கும். நாங்கள் அங்கே வைத்தது: "ஜனவரி 9-க்குள் சொன்னால் போகிக்கு முன் வீட்டுக்கு வந்துவிடும்." அந்த ஆண்டு தைப் பொங்கல் ஜனவரி 15, வியாழக்கிழமை. போகி அதற்கு முந்தின நாள். கூரியர் கணக்குப் பார்த்தால் 9-ஆம் தேதி வெள்ளிக்கிழமை உண்மையிலேயே கடைசி நாள். அவசரத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் இப்படி நிஜமான ஓர் அவசரத்தைச் சொல்லலாம்.

அனுப்புநர் பெயர் முதலில் "இன்ஃபோ" என்று இருந்தது. அதைக் கடையின் பெயர்ப் பலகையில் உள்ள தமிழ்ப் பெயராகவே மாற்றினோம். "துணி எடுத்தாகிவிட்டதா?" என்று இன்ஃபோ கேட்டால் யாருக்கு இதமாக இருக்கும்?

இங்கே நின்று திரும்பிப் பார்த்தால், இதம் வந்தது பூ வைத்த சொற்களிலிருந்து அல்ல. தெரிந்த பெயர், மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் கேள்வி, உண்மையான தேதி ஆகியவற்றிலிருந்துதான் வந்தது.

## தமிழில் எழுதினால் மட்டும் வரும் ஒரு சிக்கல்

தமிழ்த் தலைப்பே ஸ்பேமுக்குப் போகும் என்று ஒரு வதந்தி உண்டு. அப்படியெல்லாம் இல்லை. ஆனால் அந்த வதந்திக்குப் பின்னால் ஒரு நிஜம் ஒளிந்திருக்கிறது.

மின்னஞ்சலின் தலைப்புப் பகுதி ஆங்கில எழுத்துகளை மட்டும் மனத்தில் வைத்து உருவானது. அதனால் தமிழை நேரே போடாமல் ஓர் உறைக்குள் சுற்றி அனுப்புவதே வழக்கம். "பொங்கல்" என்ற ஒற்றைச் சொல் பயணத்தின்போது இப்படி இருக்கும்:

```
Subject: =?UTF-8?B?4K6q4K+K4K6Z4K+N4K6V4K6y4K+N?=
```

வாசகரின் பெட்டி இதைப் பிரித்துத் தமிழாகக் காட்டிவிடும். மொத்தமாக அனுப்பும் சேவைகள் இந்த வேலையைத் தாமே செய்துவிடுகின்றன. தெரிந்த பையனை வைத்துச் சொந்தமாக எழுதிய நிரல்களில்தான் சில நேரம் உறை இல்லாமல் தமிழ் அப்படியே போய்விடும். அப்போது சிலருக்குத் தலைப்பு கேள்விக்குறிகளாகத் தெரியும். வடிகட்டியும் அதைச் சந்தேகக் குறியாக எடுத்துக்கொள்ளும், ஸ்பேம்அசாசினில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. முன்பு சொன்ன `Show original` பக்கத்தில், மேலே உள்ள சுருக்கத்தில் அல்லாமல் அதற்குக் கீழே வரும் மூல வரிகளில் `Subject` வரியைப் பார்த்தால் உறை இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

## அனுப்பிய விதம், பிறகு பார்த்தது

1,800 பேருக்கும் ஒரே மூச்சில் அனுப்பவில்லை. புதிய முகவரியிலிருந்து போவதால், தீபாவளிக்கு வாங்கியவர்களுக்கு முதல் நாள் அனுப்பினோம். கடையை மறந்திருக்க வாய்ப்பில்லாதவர்கள் அவர்கள். மற்றவர்களுக்கு அடுத்தடுத்த நாள்களில் போனது. இரண்டு ஆண்டுகளாக எதுவும் வாங்காத முகவரிகளை உரிமையாளர் மனமில்லாமல் பட்டியலிலிருந்து நீக்கினார்.

பலருக்கு அஞ்சல் ஜிமெயிலின் விளம்பரங்கள் பிரிவில் விழுந்தது. ஸ்பேமில் போய்விட்டது என்று கடையில் பதறினார்கள். விளம்பரங்கள் பிரிவு ஸ்பேம் பெட்டி அல்ல. அதுவும் வீட்டுக்குள் இருக்கும் ஓர் அலமாரிதான், விற்பனை அஞ்சல் அங்கே இருப்பதில் தவறில்லை. அங்கிருந்து தப்பிக்க விற்பனையை மறைத்தால், பழையபடி ஏமாற்று வேலையில்தான் போய் நிற்போம்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணிக்கையை நான் அதிகம் நம்புவதில்லை. 2021 முதல் ஆப்பிளின் அஞ்சல் செயலி, அந்தரங்கப் பாதுகாப்பை இயக்கியவர்களுக்கு, அவர்கள் திறக்காதபோதும் படங்களை முன்கூட்டியே இறக்கிவைக்கிறது. அது திறந்ததாகவே கணக்கில் ஏறிவிடும். எத்தனை பேர் உள்ளே இருந்த இணைப்பை அழுத்தினார்கள், எத்தனை பேர் விலகினார்கள் என்பதைத்தான் பார்த்தோம்.

ஒன்றை மட்டும் நாங்கள் எதிர்பார்க்கவில்லை. தலைப்பு ஒரு கேள்வியாக இருந்ததால் சிலர் அதற்குப் பதில் எழுதினார்கள். வாசகர் பதில் எழுதும் முகவரியைத் தெரிந்த ஆளாகவே அவருடைய அஞ்சல் பெட்டி எடுத்துக்கொள்ள இடமுண்டு. பதில் வாங்காத முகவரியிலிருந்து அனுப்பியிருந்தால் அவை யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும். நல்ல வேளையாகக் கடையின் நிஜ முகவரியைக் கொடுத்திருந்தோம். ஒரு அம்மையார் இப்படி எழுதியிருந்தார்: "இன்னும் எடுக்கவில்லை. மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்டது இருக்கிறதா? மருமகளுக்கு." உரிமையாளர் அலமாரியிலிருந்து இரண்டு சேலைகளை விரித்துப் படம் எடுத்து, "இதில் எது பிடித்திருக்கிறது, அம்மா?" என்று எழுதி அனுப்பினார்.